மதிய நாற்காலிக்கு ஒரு கார்

மிர்னா ஸ்விக்கருக்குக் கார் ஓட்டத் தெரியும். ஆனால் ஓட்டக் கூடாது. மூன்று வருடங்களுக்கு முன் மளிகைக் கடை வாசலில் மயங்கி விழுந்தாள். அதோடு ஓட்டுநர் உரிமம் போயிற்று. அப்படிப்பட்டவள்தான் நோவா ஸ்கோஷியாவின் தென்கரையில், ஸ்ப்ரூஸ் முனையிலும் அக்கம்பக்கத்துக் கிராமங்களிலும், எந்தக் கிழத்தை எந்தக் கிழம் ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போக வேண்டும் என்று தீர்மானிக்கிறவள். அவள் தம்பி லார்னுக்கு இதைச் சொல்லிச் சொல்லி மாளாது.

"நீச்சல் தெரியாதவ படகு விடுற மாதிரி இருக்கு உன் பொழப்பு."

"படகு விடுறவனுக்கு எதுக்குடா நீச்சல்? கரையில நின்னு கத்தத் தெரிஞ்சா போதும்" என்பாள் மிர்னா.

கத்தத் தெரியும் அவளுக்கு. தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில் ஒரு மேசை, ஒரு போன், சுவரில் ஒரு வரைபடம், எப்போதும் பாதி சூடாகவே இருக்கும் ஒரு கெட்டில். அதுதான் அலுவலகம். அவளுக்கும் சம்பளம் கிடையாது. ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், பெட்ரோல் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு ஓட்டுகிறவர்கள். போலீஸ் சான்று, இதுவரை கார் ஓட்டிய லட்சணத்துக்கு ஒரு சான்று, காப்பீட்டுக்காரரின் கடிதம், இவ்வளவும் வந்த பிறகுதான் ஒருவரை அவள் காரில் உட்காரவே விடுவாள். அதற்குப் பிறகு அவள் வைத்ததுதான் சட்டம். வாசலில் நின்று ஹாரன் அடிக்கக் கூடாது. சமையலறைக் கதவுவரை போய்க் கையைப் பிடித்து அழைத்து வர வேண்டும். ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு ஊர் சுற்றப் போய்விடக் கூடாது, காத்திருக்க வேண்டும். திரும்பக் கொண்டுவந்து விட்டதும், உள்ளே விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் காரைப் பின்னால் எடுக்க வேண்டும்.

இந்தத் தொழிலில் அவள் தெரிந்துகொண்டது ஒன்றுதான். ஓட்டுவதற்கு ஆள் கிடைக்கும். காத்திருப்பதற்கு ஆள் கிடைக்காது. கண் டாக்டரா, அரை மணி நேரமா, எட்டுப் பேர் கை தூக்குவார்கள். "உள்ளே எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டு, அவள் உண்மையைச் சொன்னதும், ஒவ்வொருவருக்கும் பேத்தியின் பிறந்தநாள் ஞாபகத்துக்கு வரும்.

அக்டோபரில் பியூலா கார்க்கம் போன் செய்தபோது, அந்த உண்மை ரொம்ப நீளமாக இருந்தது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நாற்காலியில் நாலு மணி நேரம். ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட தூரம். பியூலாவுக்கு எண்பத்திரண்டு வயது; மீன்பிடிப் படகு வைத்திருந்த புருஷன் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது; ஒரே மகன் ஆல்பர்ட்டாவில் எண்ணெய் வயலில் இருக்கிறான்.

"எந்த நாற்காலி கொடுத்திருக்காங்க? காலையா, மதியமா?" இதுதான் மிர்னாவின் முதல் கேள்வி.

"மதியம்னு சொன்னாங்க கண்ணு. ஏன், அது நல்லதில்லையா?"

மிர்னாவின் கணவன் ராய் இரண்டு வருடம் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தான். புதிதாக வருகிறவர்களுக்கு மதிய நாற்காலிதான். காலை நாற்காலி காலியாக வேண்டுமென்றால், அதில் இருப்பவருக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைக்க வேண்டும், அல்லது ஊர் மாற வேண்டும், அல்லது சாக வேண்டும். பெரும்பாலும் மூன்றாவதுதான் நடக்கும். காலை நாற்காலிக்குக் காத்திருக்கிறவர்கள் இதைப் பற்றிப் பேச மாட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

"நல்லதுதான். நான் பாத்துக்கறேன்" என்றாள்.

பார்த்துக்கொள்ள அவளுக்கு நாலு நாள் ஆயிற்று. பதினொரு பேருக்குப் போன் போட்டாள். கடைசியில் மூன்று நாளையும் ஏற்றுக்கொண்டவன் கார்மன் வென்ட்சல் மட்டும்தான். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன், பெண்டாட்டியை இழந்தவன், எழுபத்தாறு வயது. அந்தக் கரையில் பாதிப் பேர் அவன் பேருந்தில் ஏறி வாந்தி எடுத்து வளர்ந்தவர்கள்.

மிர்னா அப்போது ஒரு வார்த்தை அதிகமாகப் பேசிவிட்டாள். சந்தோஷத்தில் வந்த வார்த்தை. "கார்மனுக்கு நன்றி சொல்லுங்க பியூலா. மூணு நாளும் காத்திருக்கிறேன்னு சொன்னது அவன் ஒருத்தன்தான். அவன் இல்லேன்னா வேற ஆளே இல்ல" என்றாள். சொல்லிவிட்டு மறந்தும்போனாள். கேட்டவள் மறக்கவில்லை.

அந்தக் கரையில் ஒருவரைப் பற்றிச் சொல்லக்கூடிய மோசமான சொல் திருடி என்பதல்ல. 'அடுத்தவரைச் சிரமப்படுத்துகிறவள்' என்பதுதான். பியூலாவுக்கு வாழ்நாள் முழுவதும் அந்தப் பெயர் வந்ததில்லை. இந்த வயதில் வாங்கிக்கொள்ளும் எண்ணமும் அவளுக்கு இல்லை.

டிசம்பர் மாதம் ஒரு மதியம், கார்மன் டோநட் பொட்டலத்தோடு பின்னறைக்கு வந்தான். வியாழக்கிழமை, அவனுக்கு ஓட்டம் இல்லாத நாள். கெட்டிலைத் தட்டிப் பார்த்து, தானே தேநீர் ஊற்றிக்கொண்டான்.

"என்னமோ நாலு மணி நேரம், நாலு மணி நேரம்னு பயமுறுத்தின. இதைவிட லேசான ஓட்டம் நான் ஓட்டினதே இல்ல, மிர்னா. மூணு மணிக்கெல்லாம் அந்த அம்மா கோட்டைப் போட்டுக்கிட்டு வெளியே வந்துடறாங்க. வீடு வந்து சேரும்போதும் வெளிச்சம் இருக்கு. கோழிகளைக்கூட நானே அடைச்சிடறேன்."

மிர்னா கையில் எடுத்த டோநட்டைக் கீழே வைத்தாள்.

"மூணு மணிக்கா?"

"மூணுக்கு முன்னாடியேகூட சில நாள்."

"பன்னெண்டுக்குத்தானே நாற்காலில உக்கார்றாங்க?"

"ஆமா. ஏன்? இப்பல்லாம் மெஷின் வேகமா ஓடுதோ என்னமோ."

மெஷின் வேகமாக ஓடாது. ராய் அந்தச் சுவர்க் கடிகாரத்தைத் திட்டாத நாளில்லை. அவன் கெஞ்சினாலும் மிரட்டினாலும் நாலு மணி நேரம் நாலு மணி நேரமாகவே இருந்தது. அதற்கு மேல் ஊசி குத்திய இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம். நேரத்துக்கு முன்னால் எழுந்துவர ஒரே ஒரு வழிதான் உண்டு: நர்ஸ் சொல்வதைக் கேட்காமல், "என் பொறுப்பில் போகிறேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது.

கார்மன் போனதும் லார்னைக் கூப்பிட்டாள். "வண்டியை எடு. எங்கேன்னு கேக்காதே."

பியூலா கதவைத் திறக்க நேரமாயிற்று. காலில் செத்துப்போன புருஷனின் கம்பளிச் செருப்பு. அவளுடைய சொந்தச் செருப்புக்குள் கால் நுழையவில்லை. கணுக்கால் இரண்டும் பிசைந்த மாவுபோல் உப்பியிருந்தன. கூடத்துச் சாய்வு நாற்காலியில் தலையணை அடுக்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, அதனால் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். மிர்னாவுக்கு எல்லாம் ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. ராயின் கடைசி மாதம் இப்படித்தான் இருந்தது. உடம்பில் சேர்ந்த தண்ணீர் இறங்கவே இல்லை.

"எதுக்கு பியூலா இப்படிப் பண்றீங்க?" உட்காரக்கூட இல்லை அவள். "ஒரு மணி நேரத்தை அவங்களுக்கே திருப்பிக் குடுத்துட்டு வர்றீங்க. அது என்ன கடை பாக்கியா?"

"கத்தாதே கண்ணு. முதல்ல உக்காரு. வெல்லப்பாகு பிஸ்கட் இருக்கு."

"பிஸ்கட்டைத் தூக்கிக் குப்பையில போடுங்க. எனக்குப் பதில் வேணும்."

பியூலா முதலில், யாரிடமும் சொல்லக்கூடாது என்று மிர்னாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்.

"நவம்பர்ல, குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வச்சாங்களே, அந்த வாரம். திரும்பி வரும்போது இருட்டிடுச்சு. எதிர்ல ஒரு லாரி விளக்கு. கார்மனுக்கு ஒண்ணுமே தெரியல. சாலையோட வெள்ளைக் கோட்டை விட்டு இறங்கிட்டோம். வண்டியை நிறுத்திட்டு, கையை ஸ்டியரிங்லயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். 'ராத்திரில எனக்குக் கண்ணு போச்சு பியூலா. மிர்னாகிட்ட சொல்லிடாதீங்க, என்னை எடுத்துடுவா, அப்புறம் உங்களுக்கு யாருமில்ல'ன்னான். அழுதுட்டான், பாவம். முப்பது வருஷம் நம்ம பிள்ளைங்களை ஓட்டினவன்."

"அதனால?"

"அதனால என்ன? இருட்டுறதுக்குள்ள நான் எழுந்துட்டா அவனும் பத்திரம், நானும் பத்திரம். அவன்கிட்ட சொல்லல. ஆஸ்பத்திரியிலயே சீக்கிரம் விட்டுடறாங்கன்னு நினைச்சுக்கிட்டிருக்கான். நினைச்சுக்கட்டும். மார்ச்ல கடிகாரத்தை மறுபடி மாத்துவாங்க. அப்புறம் ஏழு மணி வரைக்கும் வெளிச்சம். அதுவரைக்கும் தாக்குப்பிடிச்சுட்டா போதும்னு கணக்குப் போட்டேன்."

தாக்குப்பிடிக்கிற கால் அப்படியா இருக்கும்? மிர்னா அதைக் கேட்கவில்லை. அவளுக்குக் கோபம் யார் மேல் வருவதென்றே தெரியவில்லை. கார்மன் ஒளித்தது பியூலாவுக்காக. பியூலா ஒளித்தது கார்மனுக்காக. இரண்டு நல்ல மனசுகளும் சேர்ந்து ஒரு உயிரை மணிக்கணக்கில் அறுத்துக்கொண்டிருந்தன. நடுவில், வேற ஆளே இல்லை என்று வாயைத் திறந்து சொன்னவள் மிர்னா.

"கார்மனை இருட்டுல விட மாட்டேன்" என்றாள்.

"அப்ப என்னை எப்படிக் கொண்டுவருவே?"

"அது என் கவலை."

"அவன் மனசு நோகாம பண்ணு, கண்ணு."

சத்தியத்தை அவள் மறுநாள் காலையிலேயே மீறினாள். கார்மனின் வீட்டுக்கே போய்ச் சொன்னாள். அவன் கோழிக்கூண்டின் பக்கத்தில் நின்றபடி கேட்டான். மூணு மணியின் ரகசியம் புரிந்தபோது தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். "எனக்காகவா?" என்று மட்டும் கேட்டான். "நான் தேநீர் குடிச்சுக்கிட்டு, சீக்கிரம் வந்துட்டாங்களேன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்திருக்கேன்." மிர்னா ஆறுதல் சொல்லவில்லை. ஆறுதல் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

பிறகு போனில் உட்கார்ந்தாள். காலை நாற்காலி காலியானால் பியூலாவுக்குக் கொடுங்கள் என்று டயாலிசிஸ் பிரிவில் கேட்டாள். அங்கிருந்த பெண் மரியாதையாகவே பேசினாள்: நோயாளி விஷயம், உங்களிடம் பேச முடியாது, அவரே கேட்கட்டும். பியூலா கேட்டாள். வரிசையில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். டாக்ஸி அந்தத் தூரத்துக்கு வாரம் மூன்று தடவை என்றால் கப்பலை விற்றாலும் கட்டாது. ஆஸ்பத்திரி ஊரில் முதியோர் இல்லம் இருந்தது; அதற்கும் வரிசைதான். மற்ற ஓட்டுநர்களுக்கு மறுபடி போன் போட்டாள். ஒருவர் ஃப்ளோரிடாவில் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். ஒருவருக்கு இடுப்பு ஆபரேஷன். ஒரு பெண்மணி, "பனிக்காலத்துல ராத்திரி அந்தச் சாலையிலயா? மிர்னா, எனக்கும் எழுபத்தொண்ணு ஆகுதுடி" என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. எல்லோரும் சொன்னது நியாயம்தான். நியாயம் இவ்வளவு பேரிடம் இருந்தால் ஒரு மனுஷி எப்படிப் பிழைப்பது?

கடைசியில் மிர்னா ஓட்டத்தை இரண்டாக வெட்டினாள். போவதற்குக் கார்மன், பகல் வெளிச்சத்தில். இறக்கிவிட்டு உடனே திரும்பிவிட வேண்டும். வருவதற்கு ஜோலீன். ஸ்ப்ரூஸ் முனைக்காரி, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஏழு மணிக்கு வேலை முடிந்து தினமும் அந்தச் சாலையில்தான் வீட்டுக்கு வருகிறாள். ஜோலீன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சும்மா வர்ற வண்டிதானே, ஏத்திக்கிட்டு வர்றேன்." அவளுடைய போலீஸ் சான்று வரும்வரை லார்ன், 'அதுவரைக்கும் மட்டும்தான்' என்று முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான்.

ஏற்பாடு அழகாகத்தான் இருந்தது, மிர்னாவின் மேசையில் இருந்து பார்த்தால். நாலேகால் மணிக்குப் பியூலா நாற்காலியை விட்டு எழுவாள். ஏழு மணி வரை ஆஸ்பத்திரியின் முன்கூடத்தில் உட்கார்ந்திருப்பாள். காத்திருக்கும் வேலை ஓட்டுகிறவரிடமிருந்து நோயாளியிடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். டயாலிசிஸ் முடிந்த உடம்பு பிழிந்த துணிபோல் இருக்கும். ராய் வீட்டுக்கு வந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் படுப்பான். பியூலா பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தானாகத் திறந்து மூடும் கதவின் குளிர்காற்றை வாங்கிக்கொண்டிருந்தாள். காப்பிக் கடையையும் நாலு மணிக்கே மூடிவிடுவார்கள். எப்படி இருக்கீங்க என்று மிர்னா கேட்டால், "ராணி மாதிரி வேடிக்கை பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்பாள்.

கால் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. அதுதான் பெரிய கொடுமை. மிர்னா நம்ப ஆரம்பித்திருந்தாள்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை மாலை எதிர்பாராத பனி. அடுத்த ஷிப்டுக்கு ஆள் வந்து சேரவில்லை, ஜோலீனைப் போகவிடவில்லை. லார்ன் கிளம்பினான், பாதி வழியில் சாலையை மூடியிருந்தார்கள். பியூலா அன்று இரவை அவசரப் பிரிவின் நடைபாதையில், யாரோ காவலாளி கொடுத்த போர்வையோடு கழித்தாள். மறுநாள் மதியம் பனி வாரிய பிறகு கார்மன் போய் அழைத்துவந்தான். சமையலறை விளக்கை அவளால் போட முடியவில்லை. அவன்தான் போட்டான்.

வெள்ளிக்கிழமை மறுபடி போனாள். சனி கழிந்தது. ஞாயிறு காலை, சர்ச் மணி அடிப்பதற்கு முன்னால், மிர்னாவின் வீட்டுப் போன் அடித்தது.

"மிர்னா கண்ணு, பியூலா பேசறேன். ஓட்டத்தை ரத்து பண்ணணும்னா ஒரு நாள் முன்னாடி சொல்லணும்னு வச்சிருக்கியே, அதான் இப்பவே கூப்பிட்டேன். நாளைக்கு வேண்டாம்."

"உடம்பு முடியலையா? டாக்டர்கிட்ட..."

"டாக்டர்கிட்ட வெள்ளிக்கிழமையே பேசிட்டேன். பையன்கிட்டயும் பேசிட்டேன், கிளம்பி வர்றான். புதன்கிழமையும் வேண்டாம். வெள்ளிக்கிழமையும் வேண்டாம். இனிமே வேண்டாம் கண்ணு."

மிர்னாவின் கண் சுவர்க் காலண்டருக்குப் போயிற்று.

"பியூலா, மார்ச் வர இன்னும் கொஞ்ச நாள்தான்."

"தெரியும். ஆனா எனக்குக் காத்திருந்து அலுத்துப்போச்சு. கார்மன்கிட்ட நீயே சொல்லிடு. என்னால சொல்ல முடியாது. ஜோலீனுக்கு ஒரு நன்றி. அப்புறம் ஒரு ஆசை. உன் கையால உப்புக் கருவாடும் உருளைக்கிழங்கும் செஞ்சு கொண்டா. வெங்காயத்தைப் பன்றிக் கொழுப்புல வதக்கி மேல போட்டு. கிழங்கு கூடாது, உப்பு கூடாதுன்னு அஞ்சு மாசமா நாக்கே செத்துப்போச்சு. இனிமே யாரு கேக்கப் போறா?"

மிர்னா செய்து கொண்டுபோனாள். லார்ன் ஓட்டினான், வழியில் அவன் ஒரு கிண்டலும் செய்யவில்லை. பியூலா நாலு வாய்தான் சாப்பிட்டாள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். வாசலில் கார்மனின் கார் நின்றது. உள்ளே வர மாட்டேன் என்று காரிலேயே உட்கார்ந்திருந்தான். எத்தனை நேரமாக என்று மிர்னா கேட்டதற்கு, "காத்திருக்கிறதுதானே என் வேலை" என்றான். கடைசியில் அவளே போய் அவன் கையைப் பிடித்துச் சமையலறைக் கதவுவரை இழுத்துக்கொண்டு வந்தாள்.

பத்து நாள்கூட ஆகவில்லை. மகன் பக்கத்தில் இருந்தான். ஊரெல்லாம் சர்ச்சுக்கு வந்தது. கடைசிவரை யாரையும் சிரமப்படுத்தாதவள் என்று பாதிரியார் சொன்னார். முன் வரிசையில் இருந்த மிர்னாவுக்கு எழுந்து போய் அவர் வாயைப் பொத்த வேண்டும்போல் இருந்தது.

மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரங்களை மாற்றினார்கள். மறுநாள் மாலை அவள் பின்னறையைப் பூட்டும்போது, மணி ஆறரை, விரிகுடா முழுக்கப் பளபளவென்று வெயில். பார்க்கச் சகிக்கவில்லை அவளுக்கு. சாவியைத் திருப்பும்போதே உள்ளே போன் அடித்தது. திறந்துகொண்டு போய் எடுத்தாள்.

பக்கத்து ஊர்க் கிழவர் ஒருவர். குரலில் கூச்சம், தொந்தரவுக்கு மன்னிப்பு கேட்டுக்கொண்டே ஆரம்பித்தார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இதுவரை மாகாணத் தலைநகரத்தில் மகள் வீட்டில் தங்கிப் போய்க்கொண்டிருந்தாராம். இந்த ஆஸ்பத்திரியில் இடமே இல்லை என்று சொல்லிவந்தவர்கள் போன வாரம் திடீரென்று கூப்பிட்டார்களாம். "எனக்கு அதிர்ஷ்டம்தான் அம்மா. எப்படியோ ஒரு இடம் காலியாச்சு."

மிர்னா தன் முதல் கேள்வியைக் கேட்கவில்லை. எந்த நாற்காலி என்று அவளுக்குத் தெரியும்.

அவரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிப் போனை வைத்துவிட்டு, கார்மனுக்குப் போன் போட்டாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பின்னால் கோழிகள் மட்டும் கேட்டன.

"எத்தனை மணிக்கு முடியும்?" என்றான்.

"நாலேகால்."

"வந்து சேர?"

"அஞ்சரை ஆகும்."

"அப்ப வெளிச்சம் இருக்கும்" என்றான் கார்மன்.

"ஆமா. வெளிச்சம் இருக்கும்" என்றாள் மிர்னா.

இருவரும் போனை வைக்காமல் அழுதார்கள்.